முதல் கலாய் என்னோடது

பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரையில் வரும் பெண்ணுக்கு அதுதான் பிரச்சினை. அவள் கற்பனைப் பாத்திரம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், படிக்க வந்த இடம் கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி, தங்குமிடம் பெண்கள் விடுதியின் இரண்டாவது மாடி என்று வைத்துக்கொள்வோம். கூச்ச சுபாவமுள்ள அந்தப் புது மாணவி, தன்னைத்தானே முதலில் கலாய்த்துக்கொண்டு ஒரு மாடி முழுவதையும் தன் பக்கம் இழுத்துவிடுகிறாள் என்பது கதை. சினிமாவாக இருந்தால் இரண்டு நிமிடத்தில், பின்னணி இசையோடு முடிந்துவிடும். நிஜத்தில் இது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் காலை வாரிவிடும் என்று பார்க்க வேண்டுமென்பதால் கதையை அங்கங்கே நிறுத்தித்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அவள் ஏன் தனியாக நிற்கிறாள் என்று பார்க்க வேண்டும். கூச்சம் மட்டும் காரணமில்லை. பேச்சிக்கு இடம் கிடைத்தது கவுன்சலிங்கின் கடைசிச் சுற்றில். அவள் பெட்டியும் பக்கெட்டுமாக வந்து இறங்கும்போது மற்றவர்கள் வந்து சில வாரம் ஆகிவிட்டது. யார் யாரோடு மெஸ்ஸுக்குப் போவது, எந்தக் கொடியில் யார் துணி காயப்போடுவது, காலையில் குளியலறைக்கு யாருக்கு அடுத்து யார் என்பதெல்லாம் முடிவாகிவிட்டன. எழுதி ஒட்டாத சட்டங்கள் அவை. விடுதியில் தாமதமாகச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அங்கே யாரும் உங்களை வெறுப்பதில்லை, நீங்கள் உட்கார இடம்தான் இருக்காது.

கூச்சமுள்ளவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பேசாமல் இருப்பவளை 'பாவம், கூச்சம்' என்று உலகம் எடுத்துக்கொள்வதில்லை. 'ரொம்ப ஹெட்வெயிட்டு' என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பேச்சி தலையைக் குனிந்துகொண்டு வராந்தாவில் நடந்து போவதைப் பார்த்து, எதிர் அறைப் பெண்கள் அவளுக்கு அந்தப் பட்டத்தை மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்கள். அறைத்தோழி நிவேதா பொள்ளாச்சிக்காரி, நல்ல பெண், வாய் ஓயாது. அவள் கேட்கும் பத்துக் கேள்விக்கு இவளிடமிருந்து ஒரு 'ம்' வரும். பத்து நாளில் அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

இந்த இடத்தில் கதை எழுதுகிறவன் ஒரு முடிவெடுக்க வேண்டும். பேச்சியை எங்கே, எப்படிப் பேச வைப்பது? சீனியர்கள் சுற்றி உட்கார்ந்து 'எழுந்து நின்னு இன்ட்ரோ குடு' என்று அதட்ட, அவள் அங்கே நகைச்சுவையால் ஜெயித்தாள் என்று எழுதுவது சுலபம். எனக்கு அது ஒப்பவில்லை. அப்படிக் கட்டாயப்படுத்துவதற்குப் பெயர் ராகிங். விருப்பமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லிக் கூச வைப்பதே ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிமுறைகள் சொல்கின்றன. பயத்தில் சொல்லும் ஜோக்கும் தானாகச் சொல்லும் ஜோக்கும் ஒரே வார்த்தைகளில் இருந்தாலும் ஒன்றல்ல. தன்னைத்தானே கலாய்ப்பதில் உள்ள பலமெல்லாம், எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது தன் கையில் இருப்பதால் வருவது. அந்தப் பிடி இல்லாவிட்டால் மிஞ்சுவது அவமானம்.

அதனால் பேச்சிக்காக ஒரு ராத்திரி கரண்டைப் பிடுங்கிவிட்டேன்.

ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுகிறது. அறைக்குள் புழுக்கம் தாங்காமல் மாடி மொத்தமும் வராந்தாவில் வந்து உட்காருகிறது. கோடி அறையில் இருக்கும் இரண்டாமாண்டு அக்காமார் இருவரும் பாயை விரித்துச் சேர்ந்துகொள்கிறார்கள். செல்போன்களில் சார்ஜ் இல்லை. ஆளாளுக்கு ஏதோ பேச, யாரோ இருட்டில் கேட்கிறார்கள்: "அந்தக் கடைசியா வந்த புள்ள பேரென்ன? அவ இங்க இருக்காளா, ரூம்ல இருக்காளா?"

"இங்கதான் இருக்கேன்" என்கிறாள் பேச்சி. பக்கத்தில் இருந்த நிவேதாவைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. "இங்கதான் இருக்காளாம்" என்று நிவேதா அஞ்சல் செய்கிறாள். ஒரு சின்னச் சிரிப்பு. கூச்சமுள்ளவர்களுக்கு இருட்டு பெரிய துணை. எதிரே இருப்பவர் முகம் தெரியாது, தன் முகமும் அவர்களுக்குத் தெரியாது. பேச்சி தொண்டையைச் செருமிக்கொள்கிறாள்.

"எம்பேரு பேச்சியம்மாள். எங்க ஆச்சி பேரு. ஆச்சி வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்தா, நாலு தெரு தள்ளி மேயுத ஆடு வீட்டுக்குத் திரும்பி வரும். அந்தப் பேரைத் தூக்கி எனக்கு வெச்சிருக்காவ. நான் கூப்புட்டா மடியில கெடக்க பூனகூட திரும்பாது."

சிரிப்பு, முதல் தடவையைவிடக் கொஞ்சம் பெரிதாக. ஒரு அக்கா, "சத்தமா சொல்லுடி, கேக்கல" என்கிறாள். அதற்கும் சிரிப்பு.

இங்கே நிறுத்துவோம். பேச்சியம்மாள் என்ற பெயர் இந்தத் தலைமுறைக்குப் பழைய பெயர். 'பழைய பேரு, பட்டிக்காட்டுப் பேரு' என்று யாராவது ஒரு நாள் கேலி செய்யத்தான் போகிறார்கள். அது அவளுக்கும் தெரியும். அதனால் பெயரைத் தானே முதலில் எடுத்து வெளியே போடுகிறாள். ஆனால் எப்படிப் போடுகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெயரைக் கேலி செய்யவே இல்லை. பெயருக்கு உரிய ஆச்சி இந்த ஜோக்கில் ராணி மாதிரி நிற்கிறாள். அந்தப் பெயருக்கு ஈடுகொடுக்க முடியாத பேத்திதான் பல்பு வாங்குகிறாள். 'என் பேரு எவ்வளவு மட்டமா இருக்கு பாருங்க' என்று ஆரம்பித்திருந்தால், அடுத்த நாளிலிருந்து அந்தப் பெயர் மட்டம் என்பது மாடி முழுவதும் ஒப்புக்கொண்ட விஷயமாகிவிடும். இனி யாராவது கேலி செய்ய நினைத்தாலும் அவர்கள் காதில் விழுவது ஆடு திரும்பி வரும் அந்தச் சத்தம்தான்.

இன்னொன்று, தமிழில் நகைச்சுவை சொல்பவர்களுக்கு நம் வாக்கிய அமைப்பே செய்யும் உதவி. நம் வினைச்சொல் கடைசியில் வரும். கேட்பவர் என்ன நடந்தது என்று தெரிய வாக்கியத்தின் கடைசிவரை காத்திருந்தே ஆக வேண்டும். 'பூனகூட' என்பதுவரை எதுவும் ஆகவில்லை. 'திரும்பாது' என்றதும்தான் வெடி. நல்ல பட்டிமன்றப் பேச்சாளர்கள் அந்தக் கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிற்பார்கள். பேச்சி பயத்தில் நின்றாள். பலன் ஒன்றுதான்.

இப்போது கதைக்குத் திரும்புவோம். சிரிப்பு கொடுத்த தைரியத்தில் அவள் தோசைக் கதையை எடுக்கிறாள்.

"மொத நாள் மெஸ்ஸுல தோசைக்கல்லு முன்னாடி தட்டோட நின்னேன். 'அண்ணே, ஒரு தோச'ன்னேன். எனக்கே கேக்கல. எனக்குப் பின்னால வந்தவ வாங்கிட்டுப் போறா. அவளுக்குப் பின்னால வந்தவளும் வாங்கிட்டுப் போறா. அந்த அண்ணன் ஒரு தடவ நிமிந்து பாத்தாரு. சரி, பாத்துட்டாருன்னு தட்ட நீட்டுனேன். கையிலிருந்த எண்ணெய்க் கிண்ணத்த அதுல வெச்சிட்டு அடுத்த தோசைய ஊத்துதாரு."

மாடியே குலுங்குகிறது. "அப்புறம் என்னடி பண்ணுன?" என்று இருட்டில் ஒரு குரல்.

"கொஞ்ச நேரம் பிடிச்சிக்கிட்டு நின்னேன். பாவம், அவருக்கும் ஒரு ஸ்டாண்டு வேணும்லா."

இந்தக் கடைசி வரிதான் அவளை ஜெயிக்க வைக்கிறது. அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் யாருக்கும் நடக்கக்கூடியது. எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அந்த மாஸ்டர் மேல் கோபப்படாமல் இரக்கப்பட்டிருக்கிறாள். அதை இப்போது சிரிக்காமல் சொல்கிறாள். ஹெட்வெயிட்டு என்று பட்டம் கொடுத்தவர்களுக்கு இந்த இடத்தில் மனம் மாறுகிறது. திமிர் பிடித்தவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க மாட்டாள். 'நான் திமிர் பிடித்தவள் இல்லை' என்று அவள் வாதாடியிருந்தால் ஒருத்தியும் நம்பியிருக்க மாட்டாள்.

அடுத்தது அட்டெண்டன்ஸ். ராத்திரி வார்டன் பெயர் வாசிக்கும்போது இவள் சொல்லும் 'ப்ரெசென்ட் மேம்' அவர் காதுக்கு எட்டாததால், தொடர்ந்து ஆப்சென்ட் விழுந்து வீட்டுக்குப் போன் போய்விட்டது. "எங்க அப்பா பதறிப்போயி எனக்குப் போன் போடுதாவ. 'ஏட்டி, எங்க இருக்க? ஹாஸ்டல்ல இல்லியாமே!' நான் ரூம்லதான் இருக்கேன்னு சொல்லுதேன், சொல்லுதேன்... அப்பாவுக்கும் கேக்கல."

கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். நிவேதா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

இங்கேதான் கதை சறுக்குகிறது. சறுக்க வேண்டும், சறுக்காமல் எழுதினால் பொய். இத்தனை பேர் தன்னைப் பார்த்துச் சிரித்து அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அந்த வேகத்தில், இன்னும் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்று அடுத்ததை எடுத்து விடுகிறாள்: "எனக்கு எதுவுமே வராதுக்கா. படிப்பும் வராது, பேச்சும் வராது. நான் எதுக்குமே லாயக்கில்ல."

சத்தமே இல்லை. இரண்டு நொடி கழித்து நிவேதா, "ஏய், அப்படியெல்லாம் சொல்லாத கண்ணு" என்கிறாள்.

தன்னைக் கலாய்ப்பது எப்போது தோற்றுப்போகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கேட்டவர்கள் சிரிப்பதற்குப் பதில் ஆறுதல் சொன்னால், நீங்கள் ஜோக் சொல்லவில்லை, புலம்பியிருக்கிறீர்கள். முன்னால் சொன்ன மூன்றும் நடந்த சம்பவங்கள். தட்டு இருந்தது, கிண்ணம் இருந்தது, போன் இருந்தது. கேட்பவர்கள் கண்ணால் பார்க்க முடிந்தது. 'லாயக்கில்ல' என்பதில் பார்க்க ஒன்றுமில்லை. அது தீர்ப்பு. சம்பவத்தைப் பார்த்துச் சிரிக்கலாம், தீர்ப்பைக் கேட்டால் ஒன்று மறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையாட்ட வேண்டும். இரண்டுமே கேட்பவர் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிடுகிறது. ஆறுதல் சொல்லச் சொல்லி அடிக்கடி கையேந்துகிறவளைக் கண்டால் விடுதியில் மெதுவாக ஒதுங்கிப் போக ஆரம்பித்துவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, அவரவருக்கே நாளைக்கு இன்டர்னல் இருக்கிறது.

இதை உளவியலாளர்களும் அளந்து பார்த்திருக்கிறார்கள். கனடாவின் ராட் மார்ட்டினும் அவரது சகாக்களும் 2003-ல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார்கள். 32 வாக்கியங்கள், ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பெண் போட வேண்டும். மனிதர்கள் நகைச்சுவையைப் பயன்படுத்தும் விதத்தை அது நான்காகப் பிரிக்கிறது. நமக்கு வேண்டியது அதில் இரண்டு. ஒன்று, தனக்கு நேர்ந்த கஷ்டத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துச் சிரித்துக்கொள்வது. மற்றது, அடுத்தவர்களுக்குப் பிடிக்க வேண்டும் என்பதற்காகத் தன்னை அளவுக்கு மீறிக் கேலிப்பொருளாக்கிக்கொள்வது. முதல் வகைக்காரர்களிடம் தன்மதிப்பு அதிகமாகவும், இரண்டாம் வகைக்காரர்களிடம் தன்மதிப்பு குறைவாகவும் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகவும் காணப்பட்டன. எது எதற்குக் காரணம் என்று இப்படி ஒரு வினாத்தாளை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தோசைக் கதைக்கும் 'லாயக்கில்ல'வுக்கும் நடுவில் இருக்கும் கோடு அதுதான்.

இன்னும் பழைய, இன்னும் சுவையான ஒரு ஆய்வும் உண்டு. 1966-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் எலியட் ஆரன்சன் குழுவினர் மாணவர்களுக்கு ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டினார்கள். வினாடி வினாப் போட்டிக்கு வந்த ஒருவரின் நேர்காணல் அது. ஒரு நாடாவில் அவர் கடினமான கேள்விகளுக்கு 92 சதவீதம் சரியாகப் பதில் சொல்கிறார்; இன்னொன்றில் 30 சதவீதம்தான். சில நாடாக்களில் மட்டும் முடிவில் நாற்காலி நகரும் சத்தம், கலவரம், தன்மேல் காபியைக் கொட்டிக்கொண்டதாக அந்த ஆள் புலம்பும் குரல். கெட்டிக்காரர் காபி கொட்டியபோது அவரைக் கேட்டவர்களுக்கு இன்னும் பிடித்துப்போனது. சுமாரானவர் கொட்டியபோது ஏற்கெனவே இருந்த மதிப்பும் குறைந்தது.

அப்படியென்றால் புதிதாக வந்த பேச்சிக்கு இது எப்படிப் பொருந்தும்? அவள் கெட்டிக்காரியா, சுமாரா என்று அந்த மாடியில் யாருக்கும் தெரியாது. முதல் இன்டர்னல்கூட வரவில்லை. என் கணிப்பு இது: நன்றாகக் கட்டிய ஜோக்கே அவளுடைய 92 சதவீதம். தட்டில் எண்ணெய்க் கிண்ணம் வைக்கப்பட்டது அவளுடைய அசட்டுத்தனம். அதை இவ்வளவு அழகாகச் சொல்லத் தெரிந்தது அவளுடைய கெட்டிக்காரத்தனம். இரண்டும் ஒரே நேரத்தில் காதில் விழுகின்றன. 'லாயக்கில்ல' என்றபோது அசடு மட்டும்தான் விழுந்தது.

நம் சினிமா நகைச்சுவையிலிருந்து இது எங்கே பிரிகிறது என்றும் சொல்லிவிட வேண்டும். 'வின்னர்' படத்தின் கைப்புள்ளயைப் பார்த்து 2003-லிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கைப்புள்ள தன்னைக் கலாய்த்துக்கொள்பவன் அல்ல. தன்னைப் பெரிய வீரனாக நினைப்பவன். உண்மை நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அதனால் அவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். பேச்சிக்குத் தெரியும். அதனால் அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்கள்.

இதற்கு நெருங்கிய உறவு வேறு ஒரு படத்தில் இருக்கிறது. 2002-ல் வந்த '8 மைல்', டெட்ராய்ட் நகரத்து ராப் பாடகனின் கதை, எமினெம் நடித்தது. மேடையில் இருவர் மாறி மாறிப் பாட்டிலேயே ஒருவரையொருவர் கிழிக்கும் போட்டி. கடைசிச் சுற்றில் கதாநாயகன், எதிராளி தன்னைப் பற்றி என்னென்ன சொல்லக்கூடுமோ அத்தனையையும், தன் வறுமை உட்பட, தானே வரிசையாகச் சொல்லிவிடுகிறான். எதிராளியிடம் ஒலிவாங்கி வரும்போது சொல்ல ஒன்றுமில்லை, வாயடைத்து நிற்கிறான். தன்னைத்தானே முதலில் அடித்துக்கொள்வதன் பலத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய காட்சி வேறு எனக்குத் தெரியாது.

ஆனால் விடுதிக்கு அந்த உத்தி அப்படியே ஆகாது. அங்கே எதிராளி தோற்று மேடையை விட்டு இறங்கிவிடுவான். இங்கே நாளைக் காலை ஆறு மணிக்கு அதே குளியலறை வரிசையில் அவளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். எதிராளியை வாயடைக்கச் செய்வதால் பேச்சிக்கு ஒரு லாபமும் இல்லை; அவர்கள் வாயைத் திறக்க வேண்டும். அன்று இரவு அதுதான் நடந்தது. 'லாயக்கில்ல'வுக்குப் பிறகு விழுந்த மௌனத்தைக் கலைக்க பேச்சி சொன்னது, "சரி, தோசை ஸ்டாண்டுக்காவது லாயக்குன்னு வெச்சிக்கோங்க." சிரிப்பு திரும்பி வந்தது. உடனே இரண்டாமாண்டு அக்கா ஒருத்தி, தான் முதலாண்டில் லேப் உதவியாளரை ஹெச்.ஓ.டி. என்று நினைத்து ஒரு மாதம் எழுந்து நின்று வணக்கம் வைத்த கதையைச் சொன்னாள். நிவேதா, ஒரு ராத்திரி போர்வைக்குள் அழுததையும், பேச்சி தூங்குவதாக நினைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். "தூங்கல. என்னான்னு கேட்டேன்" என்றாள் பேச்சி. "உனக்குத்தான் கேக்கல." கரண்டு வந்தபோது யாரும் உடனே எழுந்து போகவில்லை.

பெரும்பாலான கதைகள் இங்கேயே முடிந்துவிடும். எனக்கு இதற்குப் பிந்தைய வாரங்கள்தான் முக்கியம்.

மறுநாளிலிருந்து பேச்சிக்கு 'ஸ்டாண்டு' என்று பெயர். மெஸ்ஸில் யாரோ கூப்பிட்டு இடம் போடுகிறார்கள். தோசை மாஸ்டர் காதுவரை கதை போய்விட்டது. இவளைக் கண்டால் முதல் தோசை இவளுக்கு. எல்லாம் நல்லதுதான். ஆனால் சிரிக்க வைத்தவளுக்கு ஒரு பாரம் வந்து சேர்கிறது. யாராவது தோழி புதிதாக வந்தால், "ஏ ஸ்டாண்டு, அந்த போன் மேட்டரச் சொல்லு" என்பார்கள். மனம் சரியில்லாத நாளிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐந்தாவது முறை சொல்லும்போது அவளுக்கே அது வேறு யாருடைய கதையோ போல இருக்கிறது. அதற்கு அவள் கண்டுபிடித்த வழி எளிமையானது: "இன்னிக்கு ஸ்டாண்டு லீவு" என்பாள், அவ்வளவுதான். மறுப்பதையும் அதே குரலில் மறுத்ததால் யாருக்கும் முகம் சுண்டவில்லை.

அதைவிடக் கடினமானது ஒரு மாதம் கழித்து வந்தது. மறுபடியும் ஒரு கரண்ட் கட். வராந்தாவில் எல்லோரும் இருக்க, ஒரு பெண் சொல்கிறாள்: "ஏய், பேச்சியப் பாத்து மிதிச்சிராதீங்கடி. இருட்டுல அவ பல்லு மட்டுந்தான் தெரியும்."

சிலர் சிரித்தார்கள். தன்னைக் கலாய்த்துக்கொண்டவளைக் கலாய்க்க அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொள்வது எங்கும் நடப்பதுதான். சொன்னவள் கெட்டவள் இல்லை. 'அவதான் எதச் சொன்னாலும் சிரிப்பாளே' என்ற கணக்கு. பேச்சி சிரிக்கவில்லை. "அது நான் சொன்ன லிஸ்ட்ல இல்ல" என்றாள். வழக்கம்போல் யாருக்கும் கேட்கவில்லை. நிவேதா சத்தமாகச் சொன்னாள்: "அது அவ சொன்ன லிஸ்ட்ல இல்லையாம்." சொன்னவள் இரண்டு நொடி கழித்து, "சாரிடி" என்றாள். பேச்சு வேறு பக்கம் போனது.

தன்னைக் கலாய்க்கிற எவருக்கும் இப்படி ஒரு பட்டியல் மனதில் இருக்க வேண்டும். பேச்சி அன்று இரவு தன் குரலைத் தொட்டாள், தான் அசடு வழிந்ததைத் தொட்டாள். நிறத்தைத் தொடவில்லை, சாதியை, வீட்டு வறுமையை, அப்பாவின் தொழிலைத் தொடவில்லை. சத்தமாகப் பேச நாளைக்குக் கற்றுக்கொண்டால் குரல் ஜோக் பழைய கதையாகிவிடும். நிறம் அப்படி இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு ஜோக் சொல்லியிருந்தால், ஊரெல்லாம் ஏற்கெனவே அவளைப் பற்றி மட்டமாகச் சொல்லிவந்ததை அவளே வழிமொழிந்ததாக ஆகியிருக்கும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி 2018-ல் 'நனெட்' என்ற மேடை நிகழ்ச்சியில் இதைத்தான் பேசினார். தன்னைத்தானே மட்டம் தட்டிப் பெயர் வாங்கியவர், இனி அதைச் செய்யப்போவதில்லை என்று மேடையிலேயே அறிவித்தார். ஏற்கெனவே ஓரத்தில் தள்ளப்பட்ட ஒருவர் தன்னைத் தாழ்த்திப் பேசுவது அடக்கமாகாது, அவமானமே என்பது அவர் வாதம். வசதியும் செல்வாக்கும் உள்ளவர் 'நான் ஒரு அசடு' என்றால் அவருக்கு எதுவும் குறைந்துவிடாது. அந்த வசதி எல்லோருக்கும் இல்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. 1996-ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகு தமிழ்நாடு 1997-ல் ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம். மானியக் குழு தன் விதிமுறைகளில் 2016-ல் செய்த திருத்தத்தின்படி நிறம், சாதி, மதம், தோற்றம், ஊர், மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றைக் காட்டி மாணவர் ஒருவரை மனதாலோ உடலாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான். 'சும்மா விளையாட்டுக்கு' என்பது அங்கே பதிலாகாது. பேச்சியின் மாடியில் ஒரு 'சாரிடி'யோடு முடிந்தது, ஏனென்றால் கேட்டதும் நிறுத்தினார்கள். நிறுத்தாத மாடியில் இருப்பவர்கள் நகைச்சுவையால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். கொடுமைக்காரர்களைச் சிரிக்க வைத்துத் தப்பிக்கும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருடையது அல்ல. 24 மணி நேரமும் இயங்கும் தேசிய ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. அழைப்புக் கட்டணம் கிடையாது.

கூச்சமுள்ளவர்கள் எல்லோரும் பேச்சி செய்ததைச் செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆறு மாதம் கழித்தும் அவள் குரல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அட்டெண்டன்ஸ் நேரத்தில் அவள் வார்டனுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொள்கிறாள், அவ்வளவுதான் மாற்றம். பேசவே பிடிக்காத பெண்ணுக்கு நிவேதா மாதிரி ஒரு அறைத்தோழி இருந்தால் போதும். மாடி முழுவதையும் வெல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருடம் புதிதாக ஒருவர் பெட்டியோடு உங்கள் மாடிக்கு வந்தால் அவரிடம் இன்ட்ரோ கேட்காதீர்கள். நீங்கள் முதலாண்டில் வாங்கிய பல்பு ஒன்றை முதலில் சொல்லுங்கள். அவருக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லட்டும். தோன்றாவிட்டால் மெஸ்ஸில் பக்கத்தில் ஒரு இடம் போட்டு வையுங்கள்.